வரவேற்பவரே அறிமுகமும் செய்யலாமா? மேடைப் பேச்சுக் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவில் குழுச் செயலாளர், சாட்ஸ்வொர்த்: பொங்கல் விழாவில் எனக்கு வரவேற்புரை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த கப்பல்களின் பதிவேடுகளைப் பற்றிப் பேச வருகிறார். அறிமுகத்துக்கு வேறொருவர் இருந்தாலும், அவரைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லட்டுமா?

வேண்டாம் ஐயா. நீங்கள் பேசும்போது கூட்டம் இன்னும் உட்கார்ந்தே முடிந்திருக்காது. அப்புறம் இறைவணக்கம், பிள்ளைகளின் நடனம். பேச்சாளர் எழும்போது நீங்கள் சொன்னது யார் மனத்திலும் இருக்காது. அறிமுகம் செய்ய வருபவரும் சொல்ல வேறு இல்லாமல் அதையே திருப்பிச் சொல்வார். டர்பனில் ஒரு விழாவில் ஒரே பட்டப்படிப்புப் பட்டியலை இரண்டு முறை கேட்டோம். பேச்சாளர் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

உங்களுடையது வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிடும் வேலை. குழுவின் சார்பில் வந்தவர்களை வரவேற்று, எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். பேச்சாளருக்கு ஒரு வாக்கியம் போதும். மூன்று நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம்.

அறிமுகம் செய்பவர் வாசலை மறந்துவிட்டு, இந்தத் தலைப்பு இந்தக் கூட்டத்துக்கு ஏன், அதற்கு இவர் ஏன் என்று மட்டும் சொல்லட்டும். இப்படி:

"1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. ஆனாலும் பாட்டனின் ஊர் தெரியாத வீடுகள் நம்மில் பல. அந்த ஏடுகளில் ஊரைத் தேடுவது எப்படி என்று சொல்ல, பல ஆண்டுகளாக அவற்றைப் படித்து வருபவர் வந்திருக்கிறார்."

பெயர் கடைசியில் வரட்டும். கைதட்டலும் அவர் எழுவதும் ஒன்றாக அமையும். ஏட்டில் பெயர்கள் எப்படித் திரிந்தன என்று அறிமுகத்திலேயே விளக்கினால், அது பேச்சாளரின் பேச்சைப் பிடுங்குவது.

பீனிக்ஸ் வாசகர்: வரவேற்பும் நன்றியும் ஒரே பட்டியல்தானே? இரண்டிலும் எல்லார் பெயரும் வருகிறது.

பாதி சரி. பெயர்கள் ஓரளவு ஒன்றுதான். ஆனால் வரவேற்புரையை ஒரு வாரம் முன்பே எழுதிவிடலாம். நன்றியுரையில் பாதியை அரங்கில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஒரு தாளில் பேச்சிலிருந்து ஒரே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். "பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார் என்றீர்கள் ஐயா. இனி எங்கள் பெயரை வேறு எழுத்துகளிலும் தேடிப் பார்ப்போம்" என்றால் பேச்சாளருக்குத் தன் பேச்சு போய்ச் சேர்ந்தது தெரியும். "அருமையான உரை" என்பதை, கேட்காமல் தூங்கியவரும் சொல்லலாம்.

இன்னொன்று. ஆங்கிலக் கூட்ட மரபில் நன்றி கூறுவது ஒரு தீர்மானம். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், சபை கைதட்டி நிறைவேற்றும். நீங்கள் பேசுவது சபைக்காக. பேச்சாளர் விட்டதைச் சேர்ப்பதும், ஒப்புக்கொள்ளாததை மறுப்பதும் அந்த இடத்தில் கூடாது.

புதிய உறுப்பினர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அறிமுக உரையில் என்னைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் ஐயா?

அம்மா, அது உங்களை அறிமுகப்படுத்தும் உரை இல்லை, பேச்சாளரை அறிமுகப்படுத்துவது. நீங்கள் அவரிடம் படித்தவர் என்றால் அந்த ஒரு வரி நல்லது. மற்றபடி உங்கள் பெயரை நிகழ்ச்சி நடத்துபவர் சொல்வார்.

டோங்காட் வாசகர்: போன ஆண்டு நன்றியுரையில் சமையல்கட்டுப் பெண்கள் இருவர் பெயர் விடுபட்டது. இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு குழுவில் எல்லார் பெயரையும் சொல்லுங்கள், அல்லது ஒரு பெயரும் சொல்லாமல் குழுவாகச் சொல்லுங்கள். எட்டுப் பேரில் ஆறு பெயரைச் சொன்னால் மீதி இருவருக்குத்தான் அது கேட்கும். அன்று மாலை சமையல்கட்டுக்கே போய்ப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், கடைசி நேரத்தில் உதவிக்கு வந்தவர்களும் அங்கேதான் தெரிய வருகிறார்கள். அந்த இருவரிடம் இந்த ஆண்டு மேடைக்கு முன்பே நேரில் பேசிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் செயலாளர் மறுபடியும்: வரவேற்பில் பிரமுகர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லாமல், எல்லாருக்கும் உரிய மரியாதை செலுத்தியாயிற்று என்ற பொருளில் "ஆல் புரோட்டோகால் அப்சர்வ்ட்" என்று சொல்லி முடிக்கலாமா? கவுன்சிலர் வருகிறார்.

இங்கே எல்லா மேடையிலும் அது புழங்குகிறது, நேரமும் மிச்சம். எனக்குத் தலைமை தாங்குபவரையும் கவுன்சிலரையும் பெயர் சொல்லிவிட்டு அப்புறம் அதைச் சொல்வது பிடிக்கும். என் தம்பி, பெயரே கூடாது, சொன்னால் வரிசைச் சண்டை வரும் என்கிறான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் குழுவிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஸ்டாங்கர் வாசகர்: எங்களிடம் ஆள் இல்லை. மூன்றையும் நானேதான் செய்கிறேன்.

செய்யுங்கள். வரவேற்றதும் இறங்கி உட்கார்ந்துவிடுங்கள், அறிமுகத்துக்குத் திரும்ப ஏறுங்கள். மூன்றுக்கும் மூன்று தாள் வையுங்கள். நன்றித் தாளின் மேல் பாதி வெறுமையாகவே இருக்கட்டும், பேச்சு தொடங்கியதும் அதில் எழுதலாம்.