பள்ளி மாற்றுச் சான்றிதழ் இழுத்தடிக்கிறதா? அலுவலகத்துக்கு இப்படி எழுதுங்கள்

"ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கூலாய் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கிடைத்து, வந்து மூன்று வாரம் ஆகிறது. மகள் நாலாம் ஆண்டு. பழைய தமிழ்ப்பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன் அடித்தால் 'இன்னும் ஆகவில்லை' என்கிறார்கள். இங்கே அது இல்லாமல் சேர்க்க முடியாது என்கிறார்கள். பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறாள். பள்ளி அலுவலகத்துக்குக் கடிதம் எப்படி எழுதுவது?"

தம்பி, பள்ளி அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'இன்னும் ஆகவில்லை' என்று நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது எது ஆகவில்லை என்று என்னைத் திருப்பிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. உங்கள் கடிதம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

மாற்றுச் சான்றிதழ் என்று நாம் ஒரே தாளாக நினைத்துக்கொள்கிறோம். நம் நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் அது மூன்று வேலை. முதலில், பள்ளி மாறுவதற்கான விண்ணப்பத்துக்குக் கல்வி இலாகாவின் ஒப்புதல் வர வேண்டும். புதிய ஊரில் அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதற்குள் அடக்கம். அது வந்த பிறகு, பழைய பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, சாப்புக் குத்தி மாற்றுக் கடிதம் தருவார். கடைசியாக, அமைச்சின் மாணவர் பதிவேட்டில், கணினியில் முன்பு APDM என்று இருந்து இப்போது idMe ஆகிவிட்டதே, அதில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவித்து புதிய பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிப் பட்டியலில் இருக்க முடியாது. 'அது இல்லாமல் சேர்க்க முடியாது' என்று புதிய பள்ளி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடிதமே கையில் இருந்தாலும் அங்கே பெயர் விடுபடாவிட்டால் இங்கே ஏற்ற வழியில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாநிலம் விட்டு மாநிலம் மாறியிருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் போகிறவர்களின் கோப்பு பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான் நின்றுபோகும். விண்ணப்பத்தோடு புதிய வீட்டின் மின்கட்டண பில்லோ தண்ணீர் பில்லோ கேட்பார்கள். கோட்டர்ஸில் குடியிருப்பவருக்கு பில் எங்கிருந்து வரும்? மீட்டரே தோட்டத்தின் பெயரில் இருக்கும். பில் இல்லையே என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது பழைய முகவரியையே எழுதிவிடுகிறார்கள். ஆவணம் குறைகிறது என்று கோப்பை ஓரமாக வைப்பார்கள். அதை உங்களுக்குச் சொல்ல யாரும் போன் எடுக்க மாட்டார்கள். மெத்தனம் என்று சொல்ல மாட்டேன், அலுவலகத்தின் அன்றாட நெரிசல் அது.

இதற்கு வழி உண்டு. புதிய தோட்டத்து ஆபீசில் மேனேஜர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். இன்ன தேதியிலிருந்து இவர் இங்கே வேலை செய்கிறார், இன்ன எண்ணுள்ள வீட்டில் குடும்பத்தோடு குடியிருக்கிறார் என்று இரண்டு வரி போதும். தோட்டத்து லெட்டர்ஹெட்டும் சாப்பும் இருக்க வேண்டும். மண்டோர் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டு செல்லாது. இந்தக் கடிதத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் சரி. கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் இருந்தால், இப்போது எழுதும் கடிதத்தோடு இன்னொரு நகலைச் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு எழுதுங்கள், அலுவலகத்தின் கவனத்துக்கு என்று கீழே ஒரு வரி போடுங்கள். தமிழ்ப்பள்ளிதானே, தமிழில் எழுதினால் தலைமையாசிரியர் வாசித்துக்கொள்வார். ஆனால் நகல் கல்வி இலாகா மேசைக்குப் போகும் நிலை வரலாம். அதனால் நான் கீழே தருவதை மலாயில் மாற்றி எழுதி அனுப்புவதே நல்லது. தலைப்பு வரியில் 'பெர்த்துக்காரான் செக்கோலா' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். கோப்பைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

*மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,*

*பொருள்: பள்ளி மாற்ற விண்ணப்பம் – (மகளின் பெயர், பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி), மைகிட் எண் (12 இலக்கம்), 4ஆம் ஆண்டு (வகுப்பின் பெயர்)*

*மேற்கண்ட மாணவி என் மகள். வேலை மாற்றம் காரணமாக நாங்கள் ஜொகூர், கூலாய்க்குக் குடிபெயர்ந்துள்ளோம். பள்ளி மாற்ற விண்ணப்பத்தைப் பிப்ரவரி 9 அன்று தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். அவள் கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள் பிப்ரவரி 6. இரவல் பாடநூல்களை அன்றே ஒப்படைத்துவிட்டோம்.*

*இன்றுவரை மாற்றுக் கடிதம் கிடைக்காததால் அவள் எந்தப் பள்ளிக்கும் செல்லாமல் இருக்கிறாள். பின்வருவனவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன்: விண்ணப்பம் கல்வி இலாகாவுக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்? குறையும் ஆவணம் ஏதும் உண்டா? ஒப்புதல் வந்திருந்தால், மாற்றுக் கடிதமும் பதிவேட்டில் பெயர் விடுவிப்பும் எப்போது முடியும்?*

*சேர வேண்டிய பள்ளி: (பெயர், முகவரி). புதிய குடியிருப்புக்கான தோட்ட நிர்வாகக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். மார்ச் 9க்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும். கடிதத்தை என் சார்பில் பெற்றுக்கொள்ள (உறவினர் பெயர், ஐசி எண்) அவர்களுக்கு அனுமதி அளிக்கிறேன்.*

*(பெயர், ஐசி எண், கைப்பேசி எண், கையெழுத்து, தேதி)*

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பெயரும் எண்ணும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதினால் கிராணி பட்டியலில் தேடிக்கொண்டே இருப்பார். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பது நம் பள்ளிகளில் புதிதல்ல. பெயரின் எழுத்துக்கூட்டல் பிறப்புப் பத்திரத்தில் ஒன்றும் பள்ளிப் பதிவில் ஒன்றும் இருந்தால், அதையும் இந்தக் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லித் திருத்தக் கேளுங்கள். மாற்றுக் கடிதத்திலும் தப்பு ஏறிவிட்டால் புதிய பள்ளியில் இன்னொரு முறை அலைய வேண்டும். அண்ணன் தம்பிகளும் மாறுகிறார்கள் என்றால் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் மூன்று பெயரைப் போட்டால் ஒரு பிள்ளையின் கோப்பில்தான் அது உட்காரும்.

அடுத்தது கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள். பெயர் விடுபடும்வரை உங்கள் மகள் பழைய பள்ளியின் வருகைப் பதிவில் 'வரவில்லை' என்றுதான் ஏறிக்கொண்டிருப்பாள். தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும், அதுவும் நீங்கள் காலி செய்துவிட்ட பழைய முகவரிக்கு. 2003 முதல் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு பெற்றோருடையது. ஏன் வரவில்லை என்ற காரணமும் தேதியும் எழுத்தில் இருந்தால் பின்னால் யாராவது கேட்கும்போது காட்டலாம்.

பாடநூலைப் பற்றி எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இரவல் திட்டத்து நூல்கள் பழைய பள்ளியின் கணக்கில் இருப்பவை, திருப்பித் தர வேண்டும். ஒப்படைத்தபோது பட்டியலில் கையெழுத்து வாங்கினீர்களா? இல்லையென்றால் நூலகப் பொறுப்பு ஆசிரியரிடமோ பாடநூல் பொறுப்பாளரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று தொலைந்திருந்தால் மறைக்காமல் சொல்லி, புதிது வாங்கிக் கொடுக்கலாம் அல்லது விலையைக் கட்டலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணம் வேறு விஷயம். அது நன்கொடை. பாக்கி இருந்தாலும் இந்தக் கடிதத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். அதைக் காட்டிக் கடிதத்தை நிறுத்துகிறோம் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், "அதை எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, கடிதம் வந்துவிடும்.

கோபம் வேண்டாம். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்துக்கு ஒருவர் நான்கு பக்கம் திட்டி எழுதியிருந்தார். பிள்ளையின் மைகிட் எண் அதில் எங்குமே இல்லை. தலைமையாசிரியர் அதை என் மேசையில் வைத்து, "இது யார் பிள்ளை?" என்று கேட்டார். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆனது.

கடிதத்தை எப்படிச் சேர்ப்பது? வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். சுங்கை சிப்புட்டில் இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இரண்டு பிரதி எடுத்து அவர்களிடம் கொடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுக்கவும், மற்றதில் 'பெற்றுக்கொண்டோம்' சாப்பும் தேதியும் வாங்கவும் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் பதிவுத் தபால். பள்ளி விடுமுறை வந்தாலும் பயப்பட வேண்டாம், கிராணிகளுக்கு மாணவர் விடுமுறை கிடையாது, அலுவலகம் திறந்திருக்கும். தலைமையாசிரியர் இருக்கும் நாளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்து அவருடையது.

மார்ச் 9 தாண்டியும் பதில் இல்லையென்றால், சாப்புக் குத்திய பிரதியை எடுத்துக்கொண்டு கூலாய்ப் பகுதிக்கான மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நேரில் போங்கள். பழைய ஊர் இலாகாவுக்குப் பேராக் வரை ஓட வேண்டியதில்லை. இடம் ஒதுக்குவது இந்தப் பக்கத்து வேலை, விண்ணப்பம் தங்களிடம் வந்ததா இல்லையா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். வரவில்லை என்றால் கோப்பு பழைய பள்ளியிலேயே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வந்து ஒப்புதலும் ஆகிவிட்டது என்றால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு பழைய பள்ளிக்குப் போன் அடியுங்கள். "இன்ன தேதியில் ஒப்புதல் ஆகிவிட்டதாம், பெயரை எப்போது விடுவிப்பீர்கள்?" என்று கேட்கும்போது 'இன்னும் ஆகவில்லை' என்ற பதில் வராது.

மகள் பாட்டி வீட்டிலிருந்து படிக்கப் போகிறாள், அல்லது அம்மா அப்பா பிரிந்திருக்கிறார்கள் என்றால் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி வரும். பாட்டியின் பொறுப்பில் விடுவதற்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிய கடிதமோ, நீதிமன்ற உத்தரவின் நகலோ கேட்பார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது, வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

மாற்றுக் கடிதம் வாங்கப் போகும் உறவினரிடம் மகளின் பிறப்புப் பத்திர நகலையும் கொடுத்தனுப்புங்கள். கவுண்டரை விட்டு நகரும் முன் பெயர், எண், வகுப்பு, சேரும் பள்ளியின் பெயர் நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் தேர்ச்சி அறிக்கையையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அவை மாற்றுக் கடிதத்தோடு தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.