புல், கல், மலம்: நாய் வாய் வைக்கும் பொருள்கள் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

மொட்டைமாடி: டாக்டர், எங்க நாட்டு நாய் தினமும் காலையில புல் மேயுது. சில நாள் வாந்தியும் எடுக்குது. வயித்துல கோளாறா?

அநேகமாக இல்லை. கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2008இல் நாய் வளர்ப்பவர்கள் 1,500க்கும் மேற்பட்டோரிடம் இதைக் கேட்டார்கள். புல் தின்பதற்கு முன் நாய் சோர்ந்திருந்தது என்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. தின்ற பிறகு அடிக்கடி வாந்தி எடுக்கிறது என்றவர்களும் நான்கில் ஒருவருக்குக் குறைவுதான். ஓநாயும் புல் தின்னும்.

நாய் சாப்பாட்டைத் தொடாமல் ஓடிப்போய்ப் புல்லை அள்ளி விழுங்கினாலோ, வாந்தி தினசரி வழக்கமானாலோ, உடம்பு இளைத்தாலோ காட்டுங்கள். களைக்கொல்லி அடித்த வரப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள். அப்படியே ஒரு தடவை ஈறைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

கரிசல்காடு: வயித்தைச் சுத்தம் பண்ணத்தான் நாய் அருகம்புல் திங்குது. இது பாட்டன் காலத்துலயே தெரிஞ்சதுதானே, இதுக்கு எதுக்கு அமெரிக்கக் கணக்கு?

பாட்டன் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். சிம்பன்சிகள் சொரசொரப்பான இலையை மெல்லாமல் விழுங்க, குடல் புழுக்கள் அதோடு வெளியேறுவதைக் காட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். ஓநாய்க்கும் புல் அப்படி உதவியிருக்கலாம், அந்தப் பழக்கம் நாயிடம் தங்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் நாய் அருகம்புல்லைத் தேடிப்போவதில்லை. இளசாக எது முளைத்திருக்கிறதோ அதைக் கடிக்கும்.

கரிசல்காடு: வாந்தியில புழு வந்ததை நானே பார்த்தேன் சார். அப்ப புல் வேலை செஞ்சுதுன்னுதானே அர்த்தம்?

வயிறு நிறைய உருண்டைப் புழு இருக்கும் குட்டி, புல் தின்னாமலும் புழுவை வாந்தி எடுக்கும். நீங்கள் பார்த்தது வெளியே வந்ததை. உள்ளே இருப்பதை அல்ல. நான் அஞ்சுவது கொக்கிப் புழுவுக்கு. அது குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும், மலத்தில் கண்ணுக்குப் படாது. புல்லே பார்த்துக்கொள்ளும் என்று பூச்சி மருந்தைத் தவிர்த்த வீட்டிலிருந்து, ஈறு வெளுத்து நிற்க முடியாமல் தூக்கி வரப்படும் குட்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து மருந்து கொடுங்கள். பாட்டனோடு எனக்குச் சண்டை இல்லை.

லாப் அம்மா: 9 மாத லாப்ரடார். பக்கத்துல வீடு கட்டுறாங்க, ஜல்லியைக் கடிச்சுக்கிட்டே இருப்பான். நேத்து ராத்திரி நெல்லிக்காய் அளவுல ஒண்ணை முழுங்கிட்டான். பிடுங்கப் போனேன், அதுக்குள்ள உள்ளே போயிடுச்சு. அத்தை உப்புத் தண்ணி ஊத்தச் சொல்றாங்க. இப்ப நல்லாத்தான் விளையாடுறான்.

உப்புத் தண்ணீர் வேண்டாம். அளவு மீறினால் உப்பே நஞ்சாகி மூளையைத் தாக்கும்; மேலே ஏறும் கல் உணவுக்குழாயில் சிக்கவும் கூடும். இன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். துணியும் மாங்கொட்டையும் படத்தில் ஏமாற்றும், கல் பளிச்சென்று விழும்.

விளையாடுகிறான் என்பதை நம்பி இருக்காதீர்கள். இரைப்பையில் கிடக்கும் கல் பல நாள் தொந்தரவே தராது. அங்கிருந்து சிறுகுடலுக்கு இறங்கும்போதுதான் சிக்கும். என்னிடம் வந்த ஒரு லாப்ரடார் மலம் கழித்துக்கொண்டிருந்ததால் வீட்டார் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் வந்துகொண்டுதான் இருக்கும். மூன்றாம் நாள் குடித்த தண்ணீரும் நிற்கவில்லை. முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நின்றது. வயிற்றுவலியில் நாய் அப்படி நிற்கும். படத்தில் ஒரு கல் இரைப்பையில், இன்னொன்று சிறுகுடலில். திறந்து பார்த்தபோது குடல் நிறம் மாறாமல் இருந்தது, கீறிக் கல்லை எடுத்துத் தைத்துவிட்டோம். கறுத்திருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இனி துரத்திப் பிடுங்காதீர்கள். பறிபோகிறது என்று தெரிந்தால் நாய் விழுங்கிவிடும். ஒரு துண்டு கோழிக்கறியைக் காட்டுங்கள், கல்லைத் தானே கீழே போடும். மேல்தாடைப் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்லையும் பாருங்கள், ஜல்லி கடிக்கும் நாய்க்கு அதுதான் முதலில் பிளக்கும்.

சிலிண்டர் ராஜா: எங்க நாய்க்கும் கல் இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா?

உங்களுடையது சிறுநீர்ப்பைக் கல், இங்கே பேசுவது வேறு. சாற்றை நம்பி நாள் கடத்தாதீர்கள். ஆண் நாய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

வேட்டைக்காரன் பேரன்: சிப்பிப்பாறை, 2 வயசு. ஒரு மாசமா செவுத்தை நக்குது, மண்ணைத் திங்குது. கால்சியம் குறைச்சல்னு கடையில டானிக் கொடுத்தாங்க.

இன்று வந்ததில் எனக்குக் கவலை தரும் கேள்வி இதுதான். குட்டி மண்ணை வாயில் வைத்துப் பார்ப்பது வேறு. வளர்ந்த நாய் திடீரென்று மண் தின்றால் முதலில் ரத்தசோகையைச் சந்தேகிப்பேன். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளுத்திருந்தால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சலும் கொக்கிப் புழுவும்தான் நம் ஊரில் வழக்கமான காரணங்கள். ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்யுங்கள். டானிக்கை ஓரமாக வையுங்கள்.

பக்-பிரியா: எங்க பக் தன் மலத்தையே திங்குது. சாப்பாட்டுல அன்னாசி கலந்தா நிக்கும்னு படிச்சேன், நிக்கலை.

நிற்காது. அதே டேவிஸ்காரர்கள் 2018இல் இதையும் விசாரித்தார்கள். நூற்றில் பதினாறு நாய்கள் இதை அடிக்கடி செய்கின்றன, பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட மலத்தைத்தான். இதற்கென்றே விற்கும் பொடி, மாத்திரை எதுவும் நூற்றில் இரண்டு பேருக்குமேல் பலன் தரவில்லை. கழித்த உடனே அள்ளுங்கள், அதுதான் வழி. திட்டினால் நீங்கள் வருவதற்குள் முடித்துவிடப் பழகும். குட்டி போட்ட தாய் குட்டிகளின் மலத்தைத் தின்பது இயல்பு.

நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், வெளிறிய எண்ணெய்ப் பசையுள்ள மலமாகக் குவித்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம்.

சூர்யா_77: நாய் புல் தின்றால் என்ன மருந்து?

முதல் பதில்.

மீனாட்சி இல்லம்: புல் சாப்பிட்டு மஞ்சளா வாந்தி எடுக்குது, பயமா இருக்கு.

மஞ்சள் பித்தநீர். வெறும் வயிற்றில் விடியற்காலை மட்டும் என்றால் இரவு படுக்கும் முன் கொஞ்சம் சோறு வையுங்கள். மற்றதெல்லாம் முதல் பதிலில் இருக்கிறது. ஈறைப் பார்த்தீர்களா?

கரிசல்காடு: எங்க ஊர்ல எந்த நாய்க்கும் பூச்சி மருந்து கிடையாது, எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

நல்லா இல்லாதவை செத்துப்போனதால் உங்கள் கண்ணில் படவில்லை.

லாப் அம்மா: எக்ஸ்ரே எடுத்தாச்சு டாக்டர். ஒண்ணு இல்லை, மூணு கல். எல்லாம் இரைப்பையிலதான் இருக்காம். நாளைக்குக் காலையில கேமரா குழாய் விட்டு எடுக்கப் பார்க்கலாம், வரலைன்னா ஆபரேஷன்னு சொல்றாங்க.

சரியான முடிவு. இரவு எத்தனை மணிக்குமேல் சாப்பாடு கூடாது என்று அவர்களிடமே கேட்டு அப்படியே செய்யுங்கள். மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். இரவில் வாந்தி தொடங்கினால் காலைவரை காத்திருக்காதீர்கள். மயக்கத்துக்கு முன் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், இரவோடு இரவாக ஒரு கல் குடலுக்கு இறங்கியிருக்கலாம்.