பருப்புல வண்டு, எடையும் குறையுது: நஷ்டத்தை எப்படி எழுதறது?

"துவரம்பருப்பு புக்ல 100 கிலோ, எடை போட்டா 97. அதுலயும் வண்டு. வாங்குனது கிலோ 140, இப்ப 90க்குத்தான் போகும். எவ்வளவு நஷ்டம் எழுதணும்?"

மொத்தம் 5,755, ஆனா ஒரே என்ட்ரியா போடாதீங்க. இல்லாத 3 கிலோவுக்கு வாங்குன விலையில 420, இது ஸ்டாக் குறைவு. மிச்ச 97 கிலோவ 90க்கு விக்கணும்னா சலிக்கிற கூலி இருக்குல்ல, அத கிலோவுக்கு 5 ரூவான்னு வச்சா கைக்கு நிக்கிறது 85, அதனால கிலோவுக்கு 55 குறைச்சு 5,335. குளோசிங் ஸ்டாக் 97 x 85 = 8,245ன்னு நிக்கணும்.

அந்த 3 கிலோ திருட்டாவே இருக்கணும்னு இல்ல. மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில மூட்டையா எடுத்துருந்தா பில்லுல இருக்கிறது சாக்கோட சேத்த எடையான்னு முதல்ல பாருங்க, காலிச் சாக்க தராசுல போட்டா தெரிஞ்சுரும். சாக்கு எடைன்னா அந்த அளவு உங்க கடையில தொலைஞ்சதே இல்ல, புக் அளவத்தான் திருத்தணும். இல்லன்னா சில்லறையா நிறுக்கும்போது தாராளமா போறதுதான், எங்க பக்கம் அது ரொம்ப சகஜம்.

உளுந்து விலை ஏறிருச்சு, அந்த லாபத்துல இத கழிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு சரக்கையும் தனியாத்தான் பாக்கணும்.

ஜிஎஸ்டி கட்டி வாங்குன பிஸ்கட், சோப்பு மாதிரி சரக்கு தொலைஞ்சாலோ குப்பைல போட்டாலோ அதுக்கு எடுத்த இன்புட் கிரெடிட்ட திருப்பணும், சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(h). விலை குறைச்சு வித்தா அது வேண்டாம்.