பில் இந்த ஆண்டு, பணம் அடுத்த ஆண்டு

ஐயா, ஆண்டின் கடைசி வாரத்தில் 5 லட்சத்துக்குப் பில் அனுப்பினேன். பணம் புத்தாண்டில்தான் வந்தது. எந்த ஆண்டு வருமானம்?

ரொக்க முறையில் கணக்கு எழுதினால், பணம் வந்த ஆண்டு. அக்ரூவல் முறையானால், வேலையை முடித்துப் பில் போட்ட ஆண்டு. மற்ற லாபம் இந்த ஆண்டு 10 லட்சம், அடுத்த ஆண்டு 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்ரூவலில் 15, 4 என்று வரும். ரொக்கத்தில் 10, 9. கூட்டினால் இரண்டும் 19தான். ஆனால் வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரியில், 15ன் உச்சியில் இருக்கும் 5 லட்சம் அதிகம் கடிக்கும். அடுத்த ஆண்டு வியாபாரம் கொழித்தால் இதே கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

அப்படியென்றால் ரொக்க முறையில் இருப்பவர் செக்கை மேசைக்குள் வைத்துவிட்டுப் புத்தாண்டில் வங்கியில் போட்டால் போதுமே?

பாதி சரி. ரொக்க முறையில் நாள்தான் முக்கியம். ஆனால் அது வங்கியில் போட்ட நாள் அல்ல. செக் கைக்கு வந்து, தடையின்றி மாற்றலாம் என்றால், பணம் கிடைத்ததாகவே பல நாட்டு வரிச் சட்டங்கள் கொள்கின்றன. கூரியர் ரசீதே காட்டிக்கொடுத்துவிடும். பில்லையே தாமதமாக அனுப்புவது வேறு விஷயம்.

நான் கையில் ரொக்கம் வாங்குவதே இல்லை, எல்லாம் வங்கி வழிதான். ஆகவே நான் அக்ரூவல்தானே, அம்மா சொல்கிறார்?

அம்மாவிடம் சொல்லுங்கள்: ரொக்கம் என்றால் இங்கே நோட்டுக் கட்டு அல்ல. வங்கிக் கணக்கில் வரவு விழுந்தபின் எழுதினால் அது ரொக்க முறைதான்.

போன ஆண்டு வரை ரொக்க முறை, இந்த ஆண்டு முதல் அக்ரூவல். பழைய பாக்கி என்ன ஆகும்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் கேள்வியின் 5 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். போன ஆண்டு பணம் வரவில்லை, எனவே கணக்கில் ஏறவில்லை. இந்த ஆண்டு பணம் வந்தது. ஆனால் பில் போன ஆண்டினது, எனவே இப்போதும் ஏறாது. இரண்டு ஆண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. கொடுக்க வேண்டிய 1 லட்சம் செலவு பாக்கியும் அப்படியே விழும். அதனால் மாறும்போது வர வேண்டியதைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, 4 லட்சத்தைத் தனியே வருமானத்தில் சேர்க்கச் சொல்வார்கள். சில சட்டங்கள் அதைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ள விடும். எதிர்த்திசையில் மாறினால், அதே 5 லட்சம் இருமுறை வரி கட்டும். அதையும் நேர்செய்ய வேண்டும். மாறும் நாளன்று பாக்கிப் பட்டியலை எழுதி வைக்காதவர்கள் பிறகு பழைய பில்களைத் தேடி அலைகிறார்கள்.

ஓராண்டுப் பயிற்சிக்கு முன்பணமாக 1.2 லட்சம் வாங்கினேன், ஆண்டு முடிய 3 மாதம் இருக்கும்போது. அக்ரூவலில் 30,000 மட்டும் காட்டினால் சரியா?

உங்கள் புத்தகத்தில் சரி. வரிக்கு அப்படியே ஏற்பார்களா என்பது நாட்டுக்கு நாடு மாறும். முன்பணம் வந்ததுமே வரி கேட்கும் சட்டங்களும் உண்டு. பாதியில் நிறுத்தினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.