ஜார்ஜும் நாதுலாலும்: குற்றமனம் பற்றிய தேர்வுக் கட்டுரைக்குக் கேள்வி பதில்

"சட்டத்தில் 'தெரிந்தே' என்ற சொல் இல்லையென்றால், குற்றமனம் இல்லாவிட்டாலும் தண்டிக்கும் ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டிதான் என்று எழுதிவிடலாமா?"

எழுதாதீர்கள். மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். 1895-இல் ஷெராஸ் எதிர் டி ரூட்சன் வழக்கில், பணியில் இருந்த காவலருக்கு மது விற்றதாக ஒரு மதுக்கடைக்காரர் மீது குற்றச்சாட்டு. பணியில் இருப்பவர் கையில் பட்டை கட்டியிருப்பார். அந்தக் காவலர் அதைக் கழற்றிவிட்டுக் கடைக்கு வந்தார். பணி முடிந்துதான் வந்திருக்கிறார் என்று கடைக்காரர் நம்பினார். அதே பிரிவின் முதல் உட்பிரிவில் 'தெரிந்தே' என்று இருந்தது, அவர்மீது பாய்ந்த இரண்டாம் உட்பிரிவில் இல்லை. இருந்தும் தண்டனை ரத்தானது. அந்தச் சொல் இல்லாததால் நிரூபிக்கும் சுமை மட்டும்தான் இடம் மாறுகிறது என்றார் நீதிபதி டே. குற்றமனம் வேண்டும் என்ற அனுமானத்திலிருந்து தொடங்குங்கள். அது எதனால் விலகுகிறது என்று அப்புறம் காட்டுங்கள்.

"ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சரை எங்கே சேர்ப்பது?"

எங்கேயும் வேண்டாம். அது நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கு. அதன் கோட்பாட்டுக்கும் ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி என்றே பெயர் இருப்பதால் குழம்புகிறோம்.

"எம்.எச். ஜார்ஜ் வழக்கையும் நாதுலால் வழக்கையும் ஒரே கட்டுரையில் எழுதினால் முரண்படாதா?"

முரண்படும். அதனால்தான் இரண்டையும் எழுதச் சொல்கிறேன்.

ஜார்ஜ் 1962 நவம்பர் 27 அன்று சூரிச்சிலிருந்து மணிலாவுக்கு விமானம் ஏறினார். மறுநாள் விமானம் பம்பாயில் நின்றது. அவர் இறங்கவே இல்லை. சுங்க அதிகாரிகள் விமானத்துக்குள் ஏறிச் சோதித்தபோது அவருடைய மேலங்கிக்குள் 34 கிலோ தங்கம் இருந்தது. அதுவரை, வெளிநாட்டுக்குப் போகிற வழியில் இங்கே வந்து செல்லும் தங்கத்துக்குப் பொது அனுமதி இருந்தது. நவம்பர் 8 தேதியிட்ட ரிசர்வ் வங்கி அறிவிக்கை, அதை விமானச் சரக்குப் பட்டியலில் காட்டியிருக்க வேண்டும் என்று மாற்றியது. அரசிதழில் அது வெளியானது 24-ஆம் தேதி. அதாவது ஜார்ஜ் வந்து சேர்வதற்கு நான்கு நாள் முன்னால்.

உயர்நீதிமன்றம் விடுவித்தது, 1964-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றது. அந்நியச் செலாவணியைக் காக்கும் சட்டத்தின் நோக்கம் குற்றமனத்தைத் தேடினால் தோற்றுப்போகும் என்பது காரணம். நீதிபதி சுப்பா ராவ் மறுத்தார். ஆனால் தண்டனை, ஏற்கெனவே சிறையில் கழித்த நாட்களாகக் குறைக்கப்பட்டது. இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டே நாதுலால். தானிய வியாபாரி; உரிமத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டி, கணக்கு அறிக்கைகளையும் அனுப்பிவந்தார். உரிமம் வந்துவிடும் என்று ஆய்வாளர் சொன்னதை நம்பிக் கோதுமையை இருப்பு வைத்தார். உரிமமில்லாமல் வைத்ததாக அத்தியாவசியப் பொருள் சட்டப்படி வழக்கு வந்தது. குற்றமனம் இல்லை என்று விடுதலை. தீர்ப்பு எழுதியவர்களில் சுப்பா ராவும் ஒருவர்.

"ஜார்ஜுக்குச் சட்டம் தெரியாது, நாதுலாலுக்கு உண்மை நிலை தெரியாது. சட்டம் தெரியாதது சாக்கு ஆகாது. அவ்வளவுதானே சார்?"

பாதி சரி. ஜார்ஜ் பக்கம் பொருந்துகிறது: அரசிதழில் வெளியிட்டாலே போதும் என்றது நீதிமன்றம். தடையாணை தெரியாததால் ஒருவர் விடுபட்ட லிம் சின் ஐக் வழக்கில், ஒரு தனிமனிதருக்கு எதிரான அந்த ஆணை வெளியிடப்படவே இல்லை என்று அதைப் பிரித்துக்காட்டியது. ஆனால் நாதுலாலின் கையில் உரிமம் இல்லை என்பது அவருக்கே தெரியும். அது எப்படி உண்மை நிலை குறித்த தவறாகும்?

"என் கடையில் சீல் பிரிக்காத பாக்கெட்டில் லேபிள் தவறு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. நாதுலால் உதவுவாரா?"

உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் பிரிவு 80. உரிய கவனம் எடுத்ததாகக் காட்டும் தற்காப்பு அதில் இருக்கிறது. கொள்முதல் ரசீதுகளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், இங்கே தேர்வுப் பேச்சு மட்டும்தான்.

"மாஸ்டர், ரைலண்ட்ஸ் வழக்கை முன்னுரையில் ஒரு வரி மட்டும்…"

மேலே சொல்லியாயிற்று. ஒரு வரியும் வேண்டாம்.

"நீங்கள் நாதுலாலோடு நிறுத்துவது தவறு. 1967-இல் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் 7-ஆம் பிரிவைத் திருத்தி 'தெரிந்தோ, உள்நோக்கத்தோடோ, வேறு விதமாகவோ' என்று சேர்த்தார்களே. நாதுலால் அதோடு செத்துவிட்டது."

திருத்தத்தை நினைவூட்டியதற்கு நன்றி, நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் நாதுலால் சாகவில்லை. 1974-இல் அந்தச் சொற்களை நீக்கி 10சி பிரிவைக் கொண்டுவந்தார்கள். குற்ற மனநிலை இருந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று குற்றம் சாட்டப்பட்டவர் காட்டலாம். மனம் பொருட்டே இல்லையென்றால் அந்த வாய்ப்பை எதற்குக் கொடுக்க வேண்டும்?

"கொடுத்தது பெயருக்குத்தான். நியாயமான ஐயத்துக்கு அப்பால் காட்டச் சொல்கிறது 10சி. எந்த வியாபாரியால் முடியும்?"

நாதுலால் போலக் கட்டண ரசீதும் அனுப்பிய அறிக்கைகளும் வைத்திருப்பவரால் முடியும் என்பது என் எண்ணம். ஆய்வாளர் வாயால் சொன்னதை மட்டும் நம்பியவரால் முடியாது. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் உண்டு. சுமை இவ்வளவு கனமானால் அனுமானம் உயிரோடுதான் இருக்கிறதா என்பதைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் கேள்வியாகவே வையுங்கள்.