பணி நிறைவு விழாப் பேச்சு: தமிழில் நான்கு நிமிடம், நடுவே ஆங்கிலத்தில் நான்கு வரி

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் ஓய்வு பெறுகிறார்கள். பழைய மாணவர்கள் சார்பில் நான் தமிழில் பேச வேண்டும். தமிழ் தெரியாத விருந்தினர்களும் வருவார்கள், அவர்களுக்காக ஆங்கிலத்தில் சில வரிகள் வேண்டும். எப்படி எழுதுவது?

நான்கு நிமிடத்துக்கு எழுதுங்கள். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொற்கள்தான் போகும். ஆக 330 சொற்கள் போதும், அதில் ஆங்கிலம் 40-ஐத் தாண்ட வேண்டாம். தலைவர் முதல் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணங்குவது வரவேற்புரை ஆற்றுபவரின் வேலை. உங்களுக்கு "மேடையிலும் அவையிலும் உள்ள எல்லாருக்கும், டீச்சரின் குடும்பத்தாருக்கும் வணக்கம்" என்ற ஒரு வரி போதும்.

பேச்சின் உடம்பு ஒரே ஒரு காட்சிதான். "அன்பானவர், கண்டிப்பானவர், மெழுகுவர்த்தி போன்றவர்" என்பதை எந்த ஆசிரியருக்கும் சொல்லிவிடலாம், உங்கள் டீச்சர் மட்டும் செய்த காரியம் ஒன்றைப் பிடியுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"ஆடி மாதம் பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாது. எஸ்டேட் பஸ் பள்ளிக்கு வர ஒன்பதே முக்கால் ஆகிவிடும். நாங்கள் பதினோரு பேர் நனைந்த ஸ்வெட்டரோடு வாசலில் நிற்போம். கரும்பலகையில் நேற்றைய கணக்குதான் இருக்கும். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் டீச்சர் அதை அழிப்பார்கள், புதுக் கணக்கின் தலைப்பை எழுதுவார்கள். அது எங்களுக்காக என்று அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை."

பஸ் நேரம், எத்தனை பேர், பலகையில் என்ன இருந்தது என்ற மூன்று விவரமும் உங்கள் நினைவிலிருந்து வர வேண்டும். கூடப் படித்த இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபாருங்கள், ஏனென்றால் கேட்கிறவர்களில் பாதிப்பேர் அதே வகுப்பில் இருந்தவர்கள்.

ஆங்கில வரிகளின் இடம் இந்தக் காட்சி முடிந்த உடனே. பேச்சின் கடைசியில் வைத்தால் விருந்தினர்கள் நான்கு நிமிடம் ஒன்றும் புரியாமல் இருப்பார்கள், டீச்சர் மனதில் நிற்க வேண்டிய கடைசி வரியும் விருந்தினருக்குப் போய்விடும். பத்தி பத்தியாக மொழிபெயர்த்தாலோ நேரம் இரட்டிப்பாகும். காட்சிக்குப் பின் வைத்தால், சபை ஏன் கைதட்டியது என்பது அந்த நிமிடமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். 35 சொற்கள் இப்படி இருக்கலாம்:

"டியர் கெஸ்ட்ஸ், மெனி ஆஃப் அஸ் கேம் டு ஸ்கூல் பை ஒன் பஸ். ஆன் மிஸ்டி மார்னிங்ஸ் இட் கேம் லேட். டீச்சர் நெவர் ஸ்டார்டட் எ நியூ லெசன் அன்டில் தட் பஸ் கேம். வி ஆர் ஹியர் டு தேங்க் ஹர் ஃபார் வெயிட்டிங்."

குட்டி வாக்கியங்களாக இருப்பதைக் கவனியுங்கள், பதற்றத்திலும் நாக்கு தடுக்காது. மேடைத் தாளில் உங்களுக்கு வாசிக்கச் சுலபமான எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறும்போது ஒரு மூச்சு நிறுத்தி, விருந்தினர் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.

இந்த வகைப் பேச்சு பெரும்பாலும் கெடுவது இரங்கல் கூட்டத்துச் சாயல் ஏறுவதால்தான். "நல்லவராக இருந்தார்", "ஈடு செய்ய முடியாத இழப்பு", "இனி யார் இருக்கிறார்கள்" என்று பேசினால், எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படி இருக்கும்? நடந்த சம்பவத்தை இறந்த காலத்தில் சொல்லுங்கள், குணத்தை "டீச்சர் அப்படித்தான்" என்று நிகழ்காலத்திலேயே விடுங்கள். எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் வாடினால், வாடிய இடத்து வினைச்சொல்லைப் பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, "இன்றோடு வகுப்பறைக்கு விடை" என்று எழுதுமுன் அலுவலகத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் 60 வயது முடிகிற மாதக் கடைசியில் ஓய்வு, ஆனால் கல்வியாண்டின் நடுவே ஓய்வு பெறுபவருக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் தருவது வழக்கம். திங்கட்கிழமை காலை டீச்சர் மறுபடி அதே வகுப்புக்கு வந்து நிற்கலாம்.

தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் மைக்கோடு போட்டி போடாதீர்கள், நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நேரம் போதாமல் போனால் வெட்ட வேண்டியது ஆரம்பத்தை. காட்சியும் ஆங்கில வரிகளும் அப்படியே இருக்கட்டும்.

பேச்சின் முடிவு வரும் வரை சபையைப் பார்த்து "டீச்சர்" என்றே பேசுங்கள். முடிவில் மட்டும் அவர்கள் பக்கம் திரும்பி, முதன்முறையாக "நீங்கள்" என்று சொல்லுங்கள்: "டீச்சர், இன்று எங்கள் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் காத்திருந்த பதினோரு பேரும் வந்திருக்கிறோம்." அந்தப் பதினோரு பேரில் வந்திருப்பவர்களை முன்கூட்டியே சொல்லிவைத்து அப்போது எழுந்து நிற்கச் செய்யுங்கள், எண்ணிக்கையையும் வந்தவர்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பொன்னாடை அதற்குப் பிறகு.