ரகசியம் என்றால் யாரிடம், எதுவரை?

“அக்கா, நான் இங்கே வந்து பதினொரு மாதம் ஆகிறது. வேறு வேலை தேடுகிறேன், இப்போதைய கம்பெனிக்குத் தெரியாது. ஒரு ரெக்ரூட்டர் ரெஸ்யூம் அனுப்பச் சொல்கிறார். ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் தப்பாக நினைப்பாரா? எப்படிச் சொல்வது?”

தப்பாக நினைக்க மாட்டார், தம்பி. வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுகிறவர்களோடு அவர் தினமும் பேசுகிறார். இந்த வேண்டுகோள் அவருக்குப் பழகியதுதான். ஆனால் ரெஸ்யூமை அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது அவர் கைக்குப் போன பிறகு சொன்னால், அதற்குள் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் அவர் எந்த வகை ரெக்ரூட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆள் எடுக்கும் நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் ரெஸ்யூம் அந்த ஒரு நிறுவனத்துக்குள்தான் சுற்றும். ஏஜென்சிக்காரர் என்றால் அவருக்குப் பல நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள். எங்கே பொருந்தும் என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம் அனுப்பத்தான் பார்ப்பார். அவருக்குப் பிழைப்பு அதுதான்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். வந்த இரண்டாம் வருடம், நிறுவனத்தின் பெயர் போடாத ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஏஜென்சிக்கு எழுதினேன். தொலைபேசியில் “ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன், “கண்டிப்பாக” என்றார். அவரும் என் மேலாளரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் ரெஸ்யூமை மூன்று இடங்களுக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒன்று எங்கள் நிறுவனத்தின் துணை நிறுவனம். பெயர் வேறாக இருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. அங்கிருந்த மனிதவளத்துறைக்காரர் என் மேலாளருக்குப் பழக்கம். பத்து நாளில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “போகப் போகிறீர்களாமே?” என்று கேட்டார். அதற்கு அப்புறம் வந்த புது ப்ராஜெக்ட் எதிலும் என் பெயர் இல்லை. அந்த ஏஜென்சிக்காரர் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. ரகசியம் என்ற சொல்லுக்கு அவர் ஒரு அர்த்தம் வைத்திருந்தார், நான் ஒன்று வைத்திருந்தேன்.

அதனால் அந்த ஒரு சொல்லை நம்பாதீர்கள். யாருக்கு அனுப்பலாம், யாரைத் தொடர்புகொள்ளக் கூடாது, எதுவரை என்று பிரித்து, மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியிருந்தாலும் அன்றே எழுதி அனுப்புங்கள். நான் இப்போது கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது இதுதான், உங்கள் அலுவலக மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“நான் வேலை தேடுவது என் தற்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது. எந்த நிறுவனத்துக்கு என் ரெஸ்யூமை அனுப்புவதாக இருந்தாலும், அதன் பெயரையும் பதவியையும் எனக்கு எழுதி, நான் சரி என்று பதில் போட்ட பிறகு அனுப்புங்கள். எழுத்துபூர்வமான ஆஃபர் வந்து நான் ஒப்புக்கொள்ளும்வரை, என் நிறுவனத்தில் யாரையும் ரெஃபரன்ஸுக்காகத் தொடர்புகொள்ள வேண்டாம். என்னிடம் பேச இந்தச் சொந்த எண்ணும் இந்த மின்னஞ்சலும் மட்டும். என் நிறுவனமோ அதன் குழும நிறுவனங்களோ உங்கள் வாடிக்கையாளர்களா என்பதையும் சொல்லுங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்துக்கே ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியாக அது இருக்கலாம். குழும நிறுவனங்களின் பெயர்களை நீங்களே எழுதிக் கொடுங்கள், உங்கள் பழைய மேலாளர்கள் போய்ச் சேர்ந்த இடங்களையும் சேர்த்து. அவருக்கு அதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை.

பதிலைக் கவனித்துப் படியுங்கள். “சரி, கவலைப்படாதீர்கள்” என்று மட்டும் வந்தால் அது போதாது. “இன்ன நிறுவனத்தில் இன்ன பதவிக்கு அனுப்பலாமா?” என்று பெயரோடு கேட்டால்தான் உங்கள் நிபந்தனை அவருக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் நேராக அங்கே விண்ணப்பித்துவிடுவீர்களோ என்ற பயத்தில் சிலர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அப்போது உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எடுத்துவிட்ட ஒரு ரெஸ்யூமைக் கொடுக்கலாம். ஆனால் உள்ளே எழுதியிருக்கும் ப்ராஜெக்ட் விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் துறையில் அந்த வேலையைச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்றால், பெயரை எடுத்து ஒரு பயனும் இல்லை. பெயர் சொல்லாதவருக்கு அனுப்பாமல் இருப்பதே மேல்.

அடுத்த ஆபத்து ரெஃபரன்ஸ் கட்டத்தில் வரும். போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டு வாங்கியிருந்தாள். ஆஃபர் வந்தது, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு. அந்தச் சரிபார்ப்பைச் செய்வது வேறொரு நிறுவனம். ரெக்ரூட்டர் கொடுத்த வாக்கு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் ‘ஆம்’ என்று டிக் செய்யப் போனவள், சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

‘இல்லை’ என்று போடச் சொன்னேன். அதற்குப் பதிலாக, முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களின் மேலாளர்களைக் கொடுத்தாள். இப்போதைய வேலைக்கு ஒப்பந்தக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கொடுத்தாள். அதே நாளில் ரெக்ரூட்டருக்கும் எழுதினாள்: மற்ற எல்லாச் சரிபார்ப்பையும் முதலில் முடியுங்கள், இது ஒன்றுதான் பாக்கி என்று எழுத்தில் வந்ததும் ராஜினாமா கொடுக்கிறேன், அதற்குப் பிறகு மனிதவளத்துறையிடம் பதவியையும் சேர்ந்த தேதியையும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. ஒப்புக்கொண்டார்கள். இதிலும் கொஞ்சம் ஆபத்து மிச்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்: ராஜினாமாவுக்குப் பிறகு அந்தக் கடைசிச் சரிபார்ப்பில் ஏதாவது முரண்பட்டால் இரண்டு வேலையும் கையில் இருக்காது. ஆகவே ரெஸ்யூமில் இருக்கும் பதவியின் பெயரும் தேதிகளும் உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது போலவே இருக்கட்டும்.

லிங்க்ட்இன்னில் Open to Work போடுவதாக இருந்தால் Recruiters only என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைப் போட்டால் எல்லோருக்கும் தெரியும். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை மறைக்க லிங்க்ட்இன் முயல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. இதைப் பற்றிய எதையும் அலுவலக லேப்டாப்பிலோ அலுவலக காலண்டரிலோ வைக்காதீர்கள்.

உங்கள் விசா இப்போதைய கம்பெனியின் பேரில் இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில நாடுகளில் புது நிறுவனமே நேராக அரசிடம் விண்ணப்பித்துவிடும். சில இடங்களில் பழைய முதலாளியிடமிருந்து கடிதமோ சம்மதமோ தேவைப்படும். இரண்டாவது வகை என்றால் ரெக்ரூட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் விஷயம் வெளியே வந்தே தீரும். முதல் இன்டர்வியூவுக்கு முன்பே, “என் விசா மாற்றத்தில் என் நிறுவனத்துக்கு எப்போது தெரியவரும்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்கள் விசா எந்த வகை என்று எழுதினால், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.